தூக்கு விளக்கு: ஐந்தில் ஒரு பங்கை வரைந்தால் போதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் வெள்ளி, பித்தளைப் பட்டறைகளுக்குக் கணினியில் மாடல் வரைந்து கொடுப்பது என் தொழில். இப்போது இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் தூக்கு விளக்கை அழகாகவே வரைகிறார்கள். ஆனால் அதை வார்த்துத் தொங்கவிட்டால் எண்ணெய் ஒரு பக்கமாக வழிகிறது, இல்லையென்றால் எடை எகிறிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டுக்குமே காரணம் வரைந்த விதம்தான்.

ஒரு வீட்டுப் பூஜையறையில் தொங்கிய ஐந்து முக விளக்குக்கு ஜோடி கேட்டிருந்தார்கள். கிண்ணத்தின் வாய் 120 மி.மீ., ஆழம் 28 மி.மீ., நடுவில் கடைசல் பிடித்த தண்டு, அதன் உச்சியில் சங்கிலி மாட்டும் வளையம். நான் இதை ஃபியூஷன் என்ற 3D மாடலிங் மென்பொருளில் வரைந்தேன்.

முதல் வேலை பாதிக் கோடு. விளக்கை மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்தால் ஒரு பக்கத்தில் என்ன தெரியுமோ, அதை மட்டும் ஸ்கெட்சில் வரைய வேண்டும். அடிக்குமிழில் விளக்கின் நடு அச்சுக் கோட்டைத் தொட்டுத் தொடங்கி, கிண்ணத்தின் வெளி வளைவில் ஏறி, விளிம்பைத் தாண்டி, 3 மி.மீ. தள்ளி உள்வளைவில் இறங்கி, தண்டின் மேடுபள்ளங்களோடு உச்சிக்குப் போய், அச்சு வழியாகவே கீழே வந்து முடிய வேண்டும். Revolve கொடுத்தால் இது ஒரு சுற்று சுற்றி முழு உடம்பாகிவிடும்.

பலர் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து அச்சோடு மூடிவிடுகிறார்கள். திரையில் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் உள்ளே கிண்ணம் கட்டியாக இருக்கும். பித்தளை கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். இந்த அளவில் கட்டிக் கிண்ணம் மட்டும் 1.4 கிலோ வரும், 3 மி.மீ. சுவரோடு வரைந்தால் ஏறக்குறைய 350 கிராம்தான். இன்னொன்று, கோட்டின் முனை அச்சைத் தொடாமல் மயிரிழை விலகி நின்றாலும் தண்டின் நடுவே மெல்லிய துளை ஒன்று விழுந்துவிடும். Section Analysis போட்டு நடுவில் வெட்டிப் பார்த்தால் இரண்டும் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் திரி முகங்கள். சுற்றி எடுத்த உடம்பில் இவை வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஐந்தையும் ஒவ்வொன்றாகச் செதுக்கத் தேவையில்லை. கிண்ணத்தில் 72 டிகிரி துண்டு ஒன்றை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, அதன் நடுவில் ஒரு முகத்தை முழுசாக முடியுங்கள்: வெளியே நீளும் மூக்கு, திரி படுக்கும் பள்ளம், ஓரங்களை மழுக்கும் Fillet எல்லாம் சேர்த்து. பிறகு Circular Pattern-இல் அந்தத் துண்டை ஐந்தாக்கி, Combine கொடுத்து ஒன்றாக இணைத்தால் போதும். முகம் துண்டின் நடுவில் இருப்பதால் ஒட்டுகள் முகங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் விழும். Fillet-ஐக் கடைசிக்குத் தள்ளி வைத்தால் ஐந்து இடத்திலும் தனித்தனியே போட வேண்டி வரும், ஒரு முகம் கொஞ்சம் மாறிப்போகும்.

கிண்ணத்தின் அடியில் இதழ் வரிசை வைப்பதாக இருந்தால் அதன் எண்ணிக்கை ஐந்தின் மடங்காக இருக்கட்டும். 16 இதழ் வைத்தால் ஒரு முகத்துக்கு நேரே இதழின் நடு வரும், மற்ற முகங்களுக்கு நேரே இதழின் நடு வராமல் விலகிப் போகும். ஏதோ கோணலாக இருக்கிறதென்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், எதனால் என்று சொல்லத் தெரியாது. நான் 15 வைத்தேன், துண்டுக்கு மூன்று. இதழின் கோடுகளை ஒரு மி.மீ. ஆழமாவது வையுங்கள். மெல்லிய கீறலாக வைத்தால் வார்த்து, பாலிஷ் போட்டதும் காணாமல் போய்விடும்.

கடைசியாகத் தொங்கும் சமநிலை. எண்ணெய் நிற்கும் உயரத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் விளிம்பு இல்லை, திரிப் பள்ளத்தின் அடிதான். விளக்கு 2 டிகிரி சாய்ந்தாலே 120 மி.மீ. அகலத்தில் ஒரு பக்கம் மற்றதைவிட 4 மி.மீ. தாழ்ந்துவிடும், எண்ணெய் அந்த முகம் வழியாகச் சொட்டும். வளையத்தின் தொங்கு புள்ளி அச்சுக்கு நேரே இருக்க வேண்டும். இந்த விளக்கில் தண்டின் உச்சியில் அன்னம் ஒன்று வேண்டும் என்றார்கள். அன்னம் சுற்றி எடுத்த உருவம் இல்லை, அதன் வால் பக்கம் கனம் கூடுதல். Inspect மெனுவில் Center of Mass போட்டுப் பார்த்தால் எடைப்புள்ளி அச்சை விட்டு வால் பக்கம் நகர்ந்திருந்தது. அன்னத்தை அதே அளவுக்கு அலகு பக்கமாக நகர்த்தினால் சரியாகாது, ஏனென்றால் விளக்கின் மொத்த எடையில் அன்னம் சிறு பங்குதான். அதனால் வாலை உள்ளே குடைந்து, புள்ளி அச்சின் மேல் வரும் வரை எடையைக் குறைத்தேன். அதன் பிறகே, பித்தளை ஆறும்போது சுருங்குவதற்காக முழு மாடலையும் 1.5 சதவீதம் பெரிதாக்கி வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பினேன்.