Re: AW: Fwd: Re: என்று நீளும் பொருள் வரியை உரிப்பது எப்படி?

நம் அலுவலகக் கடிதங்களில் விளிப்புக்குக் கீழே இரண்டு வரிகள் வரும். 'பொருள்' என்ற வரி விஷயத்தைச் சொல்லும். 'பார்வை' என்ற வரி எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்று எண்ணும் நாளும் போட்டுச் சொல்லும். மின்னஞ்சலிலும் இந்த இரண்டும் உண்டு. பொருளை நாம் திரையில் பார்க்கிறோம், பார்வை உள்ளே மறைந்திருக்கிறது. Re: என்பதை 'ரிப்ளை'யின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மின்னஞ்சலின் அமைப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 (2008) அதை லத்தீன் மொழியின் 'இன் ரே' என்ற தொடரின் சுருக்கமாகச் சொல்கிறது. 'இந்த விஷயத்தில்' என்று அர்த்தம். அதாவது, நம்முடைய 'பொருள்' தான்.

அதே ஆவணம் Re: ஒருமுறை வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. அப்புறம் ஏன் குவிகிறது?

பதில் எழுதும்போது மின்னஞ்சல் செயலி வரியின் தொடக்கத்தைப் பார்க்கும். அங்கே Re: இருந்தால் சும்மா விட்டுவிடும், இல்லையென்றால் ஒன்று சேர்க்கும். அது பார்ப்பது முதல் சொல்லை மட்டும்தான், அதிலும் தனக்குத் தெரிந்த சொல்லை மட்டும்தான். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒருவரும் ஜெர்மனியில் அதை வாங்கும் ஒருவரும் எழுதிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் மொழிச் செயலி பதிலுக்கு AW: போடும், முன்னனுப்பினால் WG: போடும். கோவைச் செயலி முகப்பில் AW: இருப்பதைப் பார்த்து, இது Re: இல்லையே என்று ஒரு Re: சேர்க்கும். ஜெர்மன் செயலி Re: இருப்பதைப் பார்த்து ஒரு AW: சேர்க்கும். ஆளுக்கு ஆறு பதில் போனால் 12 முன்னொட்டு. ஒவ்வொன்றும் இடைவெளியோடு நான்கு எழுத்து, ஆக 48 எழுத்து. கைப்பேசித் திரையில் அந்த வரியில் முன்னொட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டு செயலியும் தன்னளவில் சரியாகத்தான் நடக்கிறது, ஆனால் ஒன்றின் அடையாளம் மற்றதற்குப் புரியவில்லை. ஒரே மொழிக்குள்ளும் இது நடக்கும். Fwd: ஆகப் போனதற்குப் பதில் வந்தால் Re: Fwd:, அதை மறுபடி முன்னனுப்பினால் Fwd: Re: Fwd: ஆகும்.

உரிக்கும் வேலைக்கு வருவோம். முதலில் தோன்றும் வழி, வரியில் எங்கெல்லாம் re: இருக்கிறதோ அதையெல்லாம் நீக்குவது. அப்படிச் செய்தால் Software: புதிய பதிப்பு என்ற வரி Softwa புதிய பதிப்பு ஆகிவிடும், ஏனென்றால் அந்தச் சொல்லே re: என்றுதான் முடிகிறது. ஆகவே தொடக்கத்தில் இருப்பதை மட்டும் தொட வேண்டும். இரண்டாவது, முக்காற்புள்ளி கட்டாயம். அது இல்லாமல் Re-ஐ மட்டும் தேடினால் Revised என்ற சொல் vised ஆகும். மூன்றாவது, ஒன்றை நீக்கியதும் அடுத்தது தொடக்கத்துக்கு வந்துவிடும். அதனால் நீக்க ஒன்றுமில்லாத நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import re
PAT = re.compile(r'^\s*(re|fwd?|aw|wg)\s*(\[\d+\])?\s*:\s*', re.I)

def base(s):
    while True:
        t = PAT.sub('', s, count=1)
        if t == s:
            return s.strip()
        s = t
```

இதற்குள் ஒரு வரியைக் கொடுத்துப் பார்ப்போம்:

```
RE: AW: Fwd: Re[2]: FW : பம்ப் சீல்: திருத்திய வரைபடம்
```

முதல் சுற்றில் RE: போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை re.I பார்த்துக்கொள்கிறது. அடுத்து AW:, பிறகு Fwd:. நான்காவது சுற்றில் Re[2]:. சில செயலிகள் Re:-ஐ அடுக்காமல் இப்படி எண்ணிக்கையாகப் போடும். ஐந்தாவதில், முக்காற்புள்ளிக்கு முன் இடைவெளி விட்ட FW :. பிரெஞ்சுக்காரர்களின் எழுத்து வழக்கில் அந்த இடைவெளி இயல்பு, அதனால்தான் அங்கே \s* இருக்கிறது. ஆறாவது சுற்றில் வரி 'பம்ப் சீல்:' என்று தொடங்குகிறது. முக்காற்புள்ளி இருந்தாலும் அந்தச் சொல் நம் பட்டியலில் இல்லை, ஆகவே வேலை அங்கே நிற்கிறது. மிஞ்சுவது 'பம்ப் சீல்: திருத்திய வரைபடம்'. மின்னஞ்சல்களை வரிசைப்படுத்துவதற்கான ஆர்எஃப்சி 5256 (2008) இதை அடிப்படைப் பொருள் என்கிறது. அதன் வழிமுறையும் இதே சுழற்சிதான், கூடவே வரியின் கடைசியில் வரும் (fwd) போன்றவற்றையும் கழிக்கும்.

ஆனால் அந்த வழிமுறையின் முதல் படி வேறு. தமிழில் பொருள் எழுதுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்காக உருவானது. தமிழ் அதில் நேரடியாகப் போகாமல், 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 சொல்லும் முறையில் மாற்றி எழுதப்பட்டுப் போவதுதான் வழக்கம். 'Re: அழைப்பிதழ்' என்ற வரி கம்பியில் போகும்போது இப்படித் தொடங்கலாம்:

```
=?UTF-8?B?UmU6IOCu...
```

இதில் UmU6 என்பதுதான் Re:. இந்தக் குறியீட்டை அவிழ்ப்பதற்கு முன்பே Re: தேடும் செயலிக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படாது. முன்னால் இன்னொரு Re: ஒட்டிவிடும். வாங்குபவர் திரையில் அவிழ்ந்த பிறகு Re: Re: என்று தெரியும். உங்கள் செயலியில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரே நண்பரிடம் ஆங்கிலப் பொருளில் ஒரு தொடரும் தமிழ்ப் பொருளில் ஒரு தொடரும் நடத்துங்கள். ஆங்கிலத்தில் Re: ஒன்றாகவே இருந்து, தமிழில் மட்டும் இரட்டித்தால், அவிழ்ப்பதற்கு முன்பே யாரோ தேடுகிறார்கள் என்று அர்த்தம். ஆகவே முதலில் அவிழ்ப்பது, பிறகுதான் உரிப்பது.

அடுத்த கேள்வி, பட்டியலில் எதையெல்லாம் சேர்ப்பது. ஸ்வீடனில் SV:, போலந்தில் Odp:, துருக்கியில் YNT: என்று நீண்டுகொண்டே போகும். பின்லாந்தில் VS: என்றால் பதில், நார்வேயில் அதே VS: முன்னனுப்பியது. மைக்ரோசாஃப்டின் மாபி முறை பட்டியலே வைத்துக்கொள்ளாமல், தொடக்கத்தில் மூன்று எழுத்துக்கு மிகாமல் வந்து, முக்காற்புள்ளியும் இடைவெளியும் தொடர்ந்தால் அதை முன்னொட்டு என்று எடுத்துக்கொள்கிறது. உலகத்தின் பெரும்பாலான முன்னொட்டுகள் அதில் சிக்கும். கூடவே 'GST: ஜூலை தாக்கல்' என்ற வரியின் GST:-உம் சிக்கும். நான் பட்டியல் பக்கம்தான். ஒரு SV: தப்பித்தால் கண்ணுக்குத்தான் உறுத்தல். GST: போனால் பொருளே போகிறது.

எங்கே உரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். காட்டும்போது உரிக்கலாம், வரிசைப்படுத்தும்போது உரிக்கலாம், புதிய பதிலை எழுதத் தொடங்கும்போது பழையதையெல்லாம் உரித்து ஒரே ஒரு Re: போடலாம். வழியில் கடத்திவிடும் சர்வர் மட்டும் தொடக் கூடாது. அனுப்பியவரின் சர்வர் போடும் டீகிம் கையொப்பம் வழக்கமாகப் பொருள் வரியையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. நடுவில் ஒரு Re:-ஐ எடுத்தாலும் அந்தக் கையொப்பம் செல்லாது. போய்ச் சேரும் இடத்தில் நல்ல மடலும் ஸ்பேமில் விழ வாய்ப்பாகும்.

உரித்து வந்த பொருளை வைத்து மட்டும் மடல்களைத் தொடராகக் கோப்பதும் ஆபத்துதான். 'விடுப்பு விண்ணப்பம்' என்று ஒரே வாரத்தில் நான்கு பேர் எழுதியிருப்பார்கள். உரித்த பிறகு நான்கும் ஒன்றுபோல இருக்கும், ஒருவர் விடுப்புக்கான பதில் இன்னொருவர் தொடரில் போய் உட்காரும். இங்கேதான் அந்தப் 'பார்வை' வருகிறது. ஒவ்வொரு மடலுக்கும் Message-ID என்று தனி எண் உண்டு. பதில் மடல் அந்த எண்ணை In-Reply-To, References என்ற மறைவான வரிகளில் சுமந்து வரும். முதலில் அதைப் பார்த்துக் கோக்க வேண்டும். அது இல்லாத மடலுக்கு மட்டும் உரித்த பொருளை நாடலாம். உரித்த பின் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், வெறும் Re: என்று வந்த மடல்களை ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியாகவே விட்டுவிட வேண்டும்.