கூர் இல்லாத உளி

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் மரப்பெட்டி கிடைத்ததாம். அதற்குள் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இரும்பு ஒன்று. நுனி விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, தலை காளான் போல உருண்டிருக்கிறது. "சார், இது என்ன உளி? கூரே இல்லை. தெருவில் சாணை பிடிப்பவர் வருவார், அவரிடம் கொடுத்துத் தீட்டி வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் முதல் வேலையாக, "தயவுசெய்து சாணையில் வைக்காதீர்கள்" என்று பதில் போட்டேன். கூர் இல்லாமல் இருப்பதுதான் அந்தக் கருவி. தீட்டினால் அது செத்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. விரிந்த நுனியுள்ள இரும்புகள் பல உண்டு. கொத்தனார் செங்கல் வெட்டும் அகல உளியும் தூரத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். அதனால் இன்னும் மூன்று படங்கள் கேட்டேன்: நுனியை நேருக்கு நேராகப் பார்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையை மேலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

நாணயம் எதற்கு என்றால், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அதுதான் நம் அளவுகோல். நுனியின் படத்தில் நாணயம் 540 புள்ளி அகலத்துக்கு விழுந்திருந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 20 புள்ளி. நுனியின் அகலம் 1120 புள்ளி, எனவே 56 மில்லிமீட்டர். நுனியின் தடிமன் 60 புள்ளி, எனவே 3 மில்லிமீட்டர். கணக்கு எளிது, ஆனால் ஒரு இடத்தில் ஏமாந்துபோகலாம். நாணயமும் நுனியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கேமரா 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போது நாணயம் மட்டும் 3 சென்டிமீட்டர் பின்னால் கிடந்தால், அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறிதாகத் தெரியும். அளவு முழுக்கத் தப்பாகிவிடும். வாசகர் முதலில் நாணயத்தைத் தரையில் போட்டுத்தான் எடுத்தார். அப்புறம் தீப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் நாணயத்தை வைத்து மறுபடி எடுத்து அனுப்பினார்.

அந்த மூன்று படங்களில் விஷயம் தெளிந்தது. தச்சர் உளி ஒரு பக்கம் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். கைப்பிடி போட வாலோ குழியோ இருக்கும். இதில் சரிவும் இல்லை, கைப்பிடிக்கு இடமும் இல்லை. கொத்தனார் உளி என்றால் இரு பக்கமும் சரிந்து ஒரு விளிம்பில் சேரும். விளிம்பு செங்கல்லில் பட்டுப் பட்டு பொக்கை விழுந்திருக்கும். அதன் தலையும் வேறு மாதிரி இருக்கும். இரும்புச் சுத்தியல் அடித்து அடித்து, விளிம்பு பூ இதழ் போலக் கிழிந்து சுருண்டிருக்கும். இந்த இரும்பின் தலையோ கொல்லர் அடித்துக் கொடுத்த உருண்டை மாறாமல், பழைய படிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. இதை இரும்பால் யாரும் அடித்ததே இல்லை. மரக் கொட்டாப்புளியால்தான் அடித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 3 மில்லிமீட்டர் நுனியின் நடுவில், அகலம் முழுக்க ஒரு மெல்லிய பள்ளம் ஓடுகிறது.

அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. இது கலப்பத்து உளி. மரப் படகின் பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்கும் கருவி. கலப்பத்து என்ற சொல்லே போர்த்துகீசியர்களின் 'கலஃபாத்தெ' என்ற சொல்லிலிருந்து நம் கடற்கரைக்கு வந்தது. மெட்ராஸ் கரையில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவை. அவற்றின் பலகைகள் அலைக்கு வளைந்து கொடுக்க வேண்டும், அதனால் இந்த இறுக்கம் அவற்றுக்கு ஆகாது. ஆணி அடித்துக் கட்டிய படகுக்குத்தான் இந்த உளி. காசிமேட்டில் மர விசைப்படகு கட்டிய காலத்தில் இந்த உளி விழும் சத்தம் கேட்காத பகல் இருந்திருக்காது.

சரி, இது எப்படி வேலை செய்கிறது?

படகின் இரண்டு பலகைகள் சேரும் இடத்தை ஒரு குறுக்குவெட்டாக நினைத்துப் பாருங்கள். உள்பக்கம் இரண்டும் ஒட்டி நிற்கும். வெளிப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கும். வாய் அகன்று அடி குறுகிய சந்து. வாயின் அகலம், பலகையின் தடிமனில் பதினாறில் ஒரு பங்கு என்பது படகு கட்டுபவர்களின் பொதுவான கணக்கு. இரண்டு அங்குலப் பலகை என்றால் சந்தின் வாய் சுமார் 3 மில்லிமீட்டர். நம் வாசகரின் உளி நுனியும் 3 மில்லிமீட்டர்தான். ஆகவே அவருடைய தாத்தா பெரிய படகுகளில் வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஆளிடம் பல தடிமனில் உளிகள் இருக்கும், பழைய படகில் சந்து அகன்றும் போயிருக்கும் என்பதால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சுத் திரியை அந்தச் சந்தில் நீளவாக்கில் அப்படியே திணிப்பதில்லை. சின்னச் சின்ன மடிப்புகளாக, ஒன்றை ஒட்டி ஒன்றாக, உளி நுனியால் உள்ளே தள்ளிக்கொண்டே போவார்கள். சந்து அகன்ற இடத்தில் மடிப்பு நெருக்கமாக விழும், குறுகிய இடத்தில் தள்ளித் தள்ளி விழும். இப்படி ஒரே திரியை வைத்துக்கொண்டு சந்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடலாம். பிறகு பள்ளம் உள்ள உளியால் இரண்டாவது சுற்று அடி. அந்தப் பள்ளம் பஞ்சைப் பக்கவாட்டில் நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும். நுனி மழுங்கியிருப்பதால் பஞ்சின் இழைகள் அறுபடாமல் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி உட்காரும். கூரான உளி பஞ்சையும் வெட்டும், பலகையின் விளிம்பையும் வெட்டும். நம் வாசகர் சாணை பிடித்திருந்தால் நடந்திருப்பது அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. தண்ணீரை அடைப்பதில் பஞ்சு பாதி வேலைதான் செய்கிறது. மீதியை மரம் செய்கிறது.

மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த உறிஞ்சுகுழல்களின் கட்டு போன்றது. ஒவ்வொரு குழலின் சுவரிலும் செல்லுலோஸ் இழைகள் ஏறக்குறைய குழலின் நீளத்திலேயே ஓடுகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து ஒட்டிக்கொண்டு இழைகளைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. அதனால் மரம் நீளத்தில் அநேகமாக வளர்வதே இல்லை. அகலத்தில் மட்டும் ஊதுகிறது. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை எட்டும்போது சுவர்கள் நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் தண்ணீர் குழலின் வெற்றிடத்தில் தங்குமே தவிர, மரம் மேலும் ஊதாது.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்று 15 சதவீத ஈரத்தில் இருக்கிறது, அதைக் கடலில் இறக்குகிறோம் என்று வையுங்கள். அதைத் தடுக்க எதுவும் இல்லாவிட்டால், வெட்டிய விதத்தைப் பொறுத்து அது ஐந்து மில்லிமீட்டர் வரை அகலும். ஆனால் படகில் அதற்கு இடம் எங்கே? இரண்டு பக்கமும் அடுத்த பலகைகள், பின்னால் படகின் விலா எலும்பு மாதிரி நிற்கும், பலகைகளை ஆணி அடித்த மணிக்கால்கள். அகல முடியாத பலகை நெரிக்கிறது. நடுவில் அகப்பட்ட பஞ்சு தண்ணீர் புக முடியாத அளவுக்கு நசுங்குகிறது. அதோடு, பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதையும் இந்த நெரிசல் தடுத்துவிடுகிறது. தனித்தனிப் பலகைகளாக இருந்த படகு ஒரே உடம்பாக விறைத்து நிற்கிறது. புதுப் படகு இறக்கிய முதல் நாள் தண்ணீர் கசிவது இதனால்தான். மரம் இன்னும் ஊதி முடிக்கவில்லை. அதைக் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் நறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். நறுக்கட்டும், ஆனால் அதற்காகப் படகைக் கரையேற்றி மறுபடியும் பஞ்சை அடிக்கக் கூடாது. பொறுத்திருந்து இறைத்தால் போதும்.

ஏன் அடிக்கக் கூடாது என்பதற்குக் காசிமேட்டு உதாரணமே இருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகளுக்கு மராமத்து நடப்பது அப்போதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் மரப் படகு கரையில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி, சந்துகள் வாய் பிளக்கும். பிளந்த சந்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நிறையப் பஞ்சை அடித்து அப்போதே இறுக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படி இறுக்கிய படகைக் கடலில் இறக்கினால் பலகை ஊதும்போது ஒதுங்க இடம் இருக்காது. நெரிசல் தாங்காமல் ஆணி இழுபடும், பலகை மணிக்காலை விட்டுப் பிதுங்கும். இல்லாவிட்டால் மரத்தின் குழல்களே நசுங்கிப்போகும். நசுங்கிய குழல் மறுபடி நிமிராது, அதனால் அடுத்த கோடையில் சந்து முன்பைவிட அகலமாகப் பிளக்கும். ஆளும் இன்னும் அதிகப் பஞ்சு அடிப்பார். படகு வருஷா வருஷம் கெட்டுக்கொண்டே போகும்.

காசிமேட்டில் எனக்கு இதை விளக்கிய ஒரு பெரியவர், "காஞ்ச படகுல கை வைக்காத தம்பி, முதல்ல தண்ணி காட்டு" என்றார். ஈரச் சாக்கை மேலே போட்டுச் சில நாள் மரத்தை ஊற விட்டு, பிறகுதான் உளியை எடுப்பாராம். போதுமா என்பதைக் காதால் முடிவு செய்வார். திரி இறுக இறுக, கொட்டாப்புளியின் மந்தமான சத்தம் மாறிக் கணீரென்று ஒலிக்கும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மேலே பூசும் மக்கையும் பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் தாழ்வாகவே விடுவார், பலகை ஊதும்போது பிதுங்குவதற்காக. கடலில் ஓடிய படகில் மக்குக் கோடு புடைத்து நின்றால், உள்ளே பஞ்சு அதிகம் என்று அவருக்கு அர்த்தம்.

இப்போது பெரும்பாலான படகுகள் ஃபைபர் அல்லது இரும்பு. மர விசைப்படகுக்குக்கூட மேலே ஃபைபர் போர்த்திவிடுகிறார்கள். கலப்பத்து தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் படகு மரங்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் செய்திருக்கிறது. அந்த மாதிரி ஒரு நிறுவனத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வீட்டுப் பரண்களில் கிடக்கும் உளிகளை அளவோடு படம் எடுத்து, அந்தக் கணீரென்ற சத்தத்தையும் பதிவு செய்யச் சொன்னால், அதை வீண் செலவு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்த இரும்புகள் இப்போது போய்ச் சேருவது காயலான் கடைக்கு, கிலோ கணக்கில்.

வாசகரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். உளியின் பள்ளத்தில் கறுப்பாக ஏதோ உறைந்திருப்பது படத்தில் தெரிந்தது. துருவா, பிசினா என்று படம் சொல்லாது. குண்டூசியால் துளி சுரண்டி, ஒரு கரண்டியில் வைத்துச் சூடு காட்டச் சொன்னேன். துரு என்றால் சூட்டில் அப்படியே கிடக்கும். சந்துக்கு மேல் பூச எண்ணெயில் காய்ச்சிச் சேர்க்கும் குங்கிலியம் என்றால் இளகிப் புகையும்.

நேற்று இரவு பதில் வந்தது: "இளகிச்சு சார். வெள்ளிக்கிழமை புகை போட்ட மாதிரி வீடெல்லாம் வாசனை."