ஓடைக்கரை 288 மீட்டரா, 378 மீட்டரா?

பென்னாகரம் பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒரு நிலக்கடலைக் காடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுக்க ஓடை. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் போன வருஷம் ஓடைக்கரையோரம் முள்கம்பி வேலி போட்டார். கையில் இருந்த நிலப்படத்தில் அந்தப் பக்கத்தின் நீளம் 290 மீட்டர் என்று கணக்காகி, அதற்கேற்ப பணம் எடுத்து வைத்திருந்தார். வேலி போட்டவர் வந்து 378 மீட்டருக்குக் கணக்கு கொடுத்தார். 88 மீட்டர் அதிகம். சித்தப்பாவுக்கு வந்த கோபத்தில் ஊரே திரும்பிப் பார்த்தது. "ஓடை என்ன ரப்பரா, இழுத்தால் நீள்வதற்கு?" என்று கேட்டார்.

ஒரு வகையில் ஓடை ரப்பர்தான். அதை அவருக்குக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடையில் இறங்கி அளந்தோம்.

மேலே ஒரு தரைப்பாலம், கீழே ஒரு புளியமரம். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் 240 மீட்டர். முதலில் 24 மீட்டர் நீளமுள்ள நைலான் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டோம். கயிற்றின் ஒரு முனையைத் தரைப்பாலத்தின் அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கயிற்றை விறைப்பாக இழுத்தபடி நடந்து, அது கரை விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி நட வேண்டும். அடுத்த வீச்சு அந்தக் குச்சியிலிருந்து. நடுவில் கரை எப்படி வளைந்தாலும் கயிறு நேராகத்தான் போகும். இப்படிப் புளியமரம் வரை 12 வீச்சுகள் வந்தன. ஆக, 288 மீட்டர்.

அப்புறம் கயிற்றை இரண்டாக மடித்தோம். 12 மீட்டர் கயிற்றால் அதே கரையை அளந்தால் 26 வீச்சு, 312 மீட்டர். மறுபடி மடித்து 6 மீட்டர் ஆக்கினால் 57 வீச்சு, 342 மீட்டர். மூன்று மீட்டருக்கு 126 வீச்சு, அதாவது 378 மீட்டர். வேலிக்காரர் சொன்ன அதே எண். அவர் நட்ட கல்லுக்கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் மூன்று மீட்டர்தான். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவராகவே கயிற்றை இன்னொரு மடிப்பு மடித்தார். ஒன்றரை மீட்டரில் 275 வீச்சு, 412 மீட்டருக்குச் சற்று மேல்.

என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு வளைவில் பார்த்துவிடலாம். எட்டாவது வீச்சு விழுந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தின் வேர் கரையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரத்துக்கு மேற்பக்கம் மண் அரித்துப்போய்க் கரை உள்ளே குழிந்திருக்கிறது. 24 மீட்டர் கயிறு அந்தக் குழியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போனது. ஆறு மீட்டர் கயிறு குழிக்குள் இறங்கி ஏறியது. ஆனால் குழிக்குள்ளே மாடு இறங்கித் தண்ணீர் குடித்துக் குடித்து உண்டான சின்னச் சரிவை அது கவனிக்கவில்லை. அந்தச் சரிவுக்குள் போனது ஒன்றரை மீட்டர் கயிறு. சரிவின் ஓரத்தில் வேருக்கும் கல்லுக்கும் இடையே கையளவு பொந்துகள் இருக்கின்றன. அவற்றை அளக்க 20 சென்டிமீட்டர் ஸ்கேல் வேண்டும். சிறிய கோல் எடுக்க எடுக்க, முன்பு கண்ணில் படாத வளைவுகள் கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன.

சின்னக் கோலால் அளந்தால் துல்லியம் கூடத்தானே செய்யும், இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். எங்கள் கிணற்றின் வட்ட வாயை இதே மாதிரி அளந்து பாருங்கள். வாயின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு நீளக் குச்சி எடுத்தால் சரியாக ஆறு வீச்சில் சுற்றி வந்துவிடலாம். குச்சியைப் பாதியாக்கினால் சுற்றளவு சுமார் மூன்றரை சதவீதம் கூடும். மறுபடி பாதியாக்கினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதற்கடுத்து 0.2 சதவீதம். கூடுதல் வேகமாகத் தேய்ந்து, அளவு ஓர் எண்ணில் வந்து நின்றுவிடும். கிணற்றுக்கு உண்மையான சுற்றளவு என்று ஒன்று இருக்கிறது, நாம் அதை நெருங்குகிறோம்.

ஓடைக்கரையில் அப்படித் தேயவில்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் 8, 10, 11, 9 சதவீதம் என்று ஏறக்குறைய ஒரே வீதத்தில் கூடிக்கொண்டே போனது. எந்த எண்ணை நோக்கியும் அது போகவில்லை. இதுதான் விஷயத்தின் மையம். "கோலைப் பாதியாக்கினால் எத்தனை சதவீதம் கூடுகிறது?" என்ற கேள்விக்கு எங்கள் கரையில் ஒரு நிலையான பதில் இருக்கிறது. "நீளம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு இல்லை.

இந்த நிலையான வீதத்தை முதலில் முறையாகக் கவனித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். நாடுகளுக்கு இடையே போர் மூள்வதற்கும் அவற்றின் எல்லை நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவர். எல்லை நீளங்களைத் தேடிப்போன இடத்தில் அவருக்கும் சித்தப்பாவுக்கு வந்த அதே பிரச்சினை வந்தது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீட்டர் என்றும், இன்னோரிடத்தில் 1,214 கிலோமீட்டர் என்றும் இருந்தது. அவர் வரைபடங்களை விரித்து, கவைமுள்ளின் இரண்டு கால்களையும் வெவ்வேறு அகலத்தில் வைத்து நடத்திப் பார்த்தார். பிரிட்டனின் மேற்குக் கரையில் கவைமுள்ளைப் பாதியாக்கும்போதெல்லாம் நீளம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடியது. வழவழப்பான தென்னாப்பிரிக்கக் கரையில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அவர் 1953-ல் இறந்தார். இந்த வேலை 1961-ல்தான் அச்சில் வந்தது. 1967-ல் பெனுவா மாண்டல்பிராட் என்ற கணிதவியலாளர் அதை எடுத்து விரித்து எழுதிய பிறகு உலகம் கவனித்தது. கரைக்குக் கரை மாறும் அந்தக் கரடுமுரடு வீதத்தை அளக்கும் எண்ணுக்குப் பின்னாளில் பின்னப் பரிமாணம் என்று பெயர் வந்தது.

நம் நாட்டிலேயே இதைப் பார்க்கலாம். பள்ளிப் புத்தகத்தில் இந்தியக் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று படித்தோம். இப்போது அரசு தரும் எண் 11,098.81 கிலோமீட்டர். கடல் எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. 1970-களில் கணக்கிட்டபோது பயன்படுத்திய வரைபடத்தின் அளவு 1:45,00,000. புதிய கணக்கு 1:2,50,000 அளவில் செய்தது. அதாவது 18 மடங்கு நுணுக்கம். கயிற்றை நான்கு தடவைக்குச் சற்று அதிகமாக மடித்தது போல. வகுத்துப் பார்த்தால் ஒரு மடிப்புக்கு சுமார் 10 சதவீதம் வருகிறது, எங்கள் ஓடைக்கரையைப் போலவே. இது தற்செயல்தான் என்றாலும் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. தமிழ்நாட்டுக் கரை 906.9-லிருந்து 1,068.69 கிலோமீட்டர் ஆனது, மடிப்புக்கு 4 சதவீதம். சுந்தரவனத்துக் கழிகள் நிறைந்த மேற்கு வங்கமோ 157.5-லிருந்து 721.02-க்குப் போய்விட்டது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை தேவை. புதிய கணக்கில் கழிமுகங்கள், உப்பாறுகள், ஓதக் கால்வாய்கள் எல்லாம் கரையாகச் சேர்ந்தன. மேற்கு வங்கத்தின் தாவலில் கோல் சிறியதானது ஒரு பங்கு, எதைக் கரை என்று கொள்வது என்ற முடிவு மாறியது இன்னொரு பங்கு. எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சரி, அப்படியானால் ஆற்றின் நீளம் என்பதே பொய்யா? காவிரி 800 கிலோமீட்டர் என்று சொல்வதற்கு அர்த்தம் இல்லையா? இருக்கிறது. அதற்கும் எங்கள் ஓடையே பதில் வைத்திருந்தது.

மதியத்துக்கு மேல் கரையை விட்டுவிட்டு, ஓடையின் நடுக்கோட்டை அளந்தோம். இரண்டு கரைக்கும் நடுப்புள்ளியில் குச்சி நட்டு, அதே ஐந்து கயிறுகள். 24 மீட்டரில் 276 வந்தது. 12 மீட்டரில் 306. ஆறு மீட்டரில் 318. மூன்றில் 321. ஒன்றரையில் 322 மீட்டருக்குச் சற்று மேல். கிணற்று வாயைப் போலத் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது!

காரணம் ஓடையின் அகலம். அது அங்கே சுமார் நான்கு மீட்டர். ஓடும் நீர் தன் அகலத்துக்கு ஏற்றபடிதான் வளையும். ஒரு முழு வளைவின் நீளம், அதாவது இடம் போய் வலம் வந்து மறுபடி இடம் திரும்பும் தூரம், பெரும்பாலும் அகலத்தைப் போல் 10 முதல் 14 மடங்கு இருக்கும். இது சின்ன ஓடைக்கும் பொருந்தும், பேராற்றுக்கும் பொருந்தும். நான்கு மீட்டர் அகல நீர் ஒரு மீட்டருக்குள் குறுக்கே மடங்கித் திரும்ப முடியாது. ஆகவே கோல் அகலத்தைவிடச் சிறியதாகிவிட்டால், நடுக்கோட்டில் புதிதாகக் கண்டுபிடிக்க வளைவு எதுவும் மிச்சம் இல்லை. கரைக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே வேர், கல், மாட்டுக் குளம்பு எல்லாம் வளைவு உண்டாக்கும்.

இதனால்தான் ஆற்று நீளம் சொல்பவர்கள் நடுக்கோட்டையோ, மிக ஆழமான இடங்களை இணைக்கும் ஆழக்கோட்டையோ பிடித்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒக்கேனக்கல் மாதிரி இடத்தில் பிடி நழுவிவிடும். பாறைக்குள் காவிரி பல கால்களாகப் பிரிந்து விழுகிறது. எந்தக் காலின் நடுவே குச்சி நடுவது? வெள்ளக் காலத்தில் ஒன்று, கோடையில் வேறொன்று. அங்கே முதலில் ஒரு காலைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அளக்க முடியும்.

கைபேசியோடு கரையில் நடந்து அளக்கலாமே என்று தம்பி கேட்டான், நடந்தும் பார்த்தான். அதில் எதிர்ப்பக்கப் பிழை ஒளிந்திருக்கிறது. கைபேசி காட்டும் இடமே சில மீட்டர் தள்ளாடும். நொடிக்கு ஒரு புள்ளி எடுத்தால், ஓடையின் வளைவோடு இந்தத் தள்ளாட்டமும் நீளமாகச் சேர்ந்துவிடும். நடுக்கோட்டைக்கூட அது நீட்டிக் காட்டும். கண்டுபிடிக்க எளிய வழி, ஓரிடத்தில் அசையாமல் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது. தூரம் ஏறினால், அந்த ஏற்றம் கருவியுடையது.

வேலிக் கணக்கு அன்று மாலையே தீர்ந்தது. கல்லுக்கால் மூன்று மீட்டருக்கு ஒன்று என்று பேசியிருந்ததால் கம்பி ஓடிய நீளம் 378-தான். சித்தப்பா முழுப் பணத்தையும் கொடுத்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு, வேப்பமரத்துக்குக் கீழ்ப்பக்கம் கரை சரிந்து இரண்டு கால்கள் சாய்ந்துவிட்டன என்று போன் செய்தார். மூன்று மீட்டர் கயிறு போட்டு அவரே அளந்திருக்கிறார். இந்தத் தடவை 129 வீச்சு.