உண்ணிக்கொக்கு உண்ணியைத் தின்னுமா? ஒரு மாடும் மூன்று உறவுகளும்

டெல்டா பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால், பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். உயிரியல் பாடத்தில் அப்போது உயிரினங்களுக்கு இடையிலான உறவுகள் ஓடிக்கொண்டிருந்தது. "மாட்டு முதுகில் வெள்ளைக் கொக்கு உட்கார்ந்திருக்கிறதே, அது எந்த வகை?" என்று கேட்டேன். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "மியூச்சுவலிசம்" என்றது. ஏன் என்று கேட்டால், "மாட்டு மேல இருக்கிற உண்ணியைக் கொக்கு தின்னும் டாக்டர். மாட்டுக்கும் நல்லது, கொக்குக்கும் நல்லது" என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பறவையின் பெயரே உண்ணிக்கொக்கு. பிறகு வேறு எப்படிச் சொல்வார்கள்?

ஆனால் அந்த விடை சரியில்லை. இதே நம்பிக்கையால் சாகும் நிலைக்கு வந்த ஒரு கன்றை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தக வரையறை எளிமையானது. இரண்டு உயிருக்கும் நன்மை என்றால் மியூச்சுவலிசம், அதாவது பகிர்ந்து வாழ்தல். ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்றால் கமென்சலிசம், உதவி பெறும் வாழ்க்கை. ஒன்று பிழைக்க மற்றது கெட்டால் பாரசிட்டிசம், ஒட்டுண்ணி வாழ்க்கை. இதை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. கண்ணால் பார்க்கும் ஒரு உறவை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் தடுமாற்றம். நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி ஒன்றுதான்: இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு மாட்டை வைத்து மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் கொக்கு. மேயும் மாட்டுக்குப் பக்கத்தில் அது எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் முதுகில் இருக்காது. மாட்டின் வாயருகிலோ முன்னங்காலை ஒட்டியோ தரையில் நடந்து வரும். மாடு ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் புல்லுக்குள் ஒளிந்திருந்த வெட்டுக்கிளி, தத்துக்கிளி, சின்னத் தவளை எல்லாம் துள்ளி வெளியே வரும். கழுத்தைச் சற்று ஆட்டிவிட்டு, கொக்கு ஒரே கொத்தில் பிடித்துவிடும். தனியாக இரை தேடுவதைவிட மாட்டோடு நடக்கும் கொக்குக்குச் சராசரியாக 3.6 மடங்கு இரை கிடைத்ததாக ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். மாட்டின் மேல் இருக்கும் ஈயையும் எப்போதாவது ஓர் உண்ணியையும் கொத்தும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் சாப்பாடு அதில் இல்லை.

சந்தேகம் இருந்தால் நடவுக்கு முன் டிராக்டர் சேற்று உழவு ஓட்டும் வயலுக்குப் போய்ப் பாருங்கள். இதே கொக்குகள் டிராக்டருக்குப் பின்னால் வரிசையாக நடக்கும். டிராக்டர் மேல் உண்ணி ஏது? மண்ணையும் புல்லையும் கலைத்து இரையை வெளியே தள்ளும் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மாடு இல்லாவிட்டால் கொக்குக்குக் கஷ்டம். கொக்கு இல்லாவிட்டால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதே புல்லை அதே மாதிரி மேயும். ஆகவே இது கமென்சலிசம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத உறவு. மாட்டுக்கு வைக்கோலைச் செரிக்கத் தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் உற்பத்தி ஆவதே இல்லை. அதன் முதல் வயிறான ரூமன், 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு தொட்டி. அதில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, சூடு சுமார் 39 டிகிரி செல்சியஸ். அந்தத் திரவத்தில் ஒரு மில்லியில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும் தனி. அவைதான் வைக்கோலை நொதிக்க வைத்து, அசிட்டிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டுக்குத் தேவையான சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. பதிலுக்கு அந்த நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பான வீடும், அரைத்துக் கொடுத்த தீவனமும், புளிப்பை மட்டுப்படுத்தும் எச்சிலும் கிடைக்கின்றன. மாடு படுத்து அசைபோடும்போது விழுங்குகிற எச்சில் இந்தத் தொட்டிக்குள்தான் போகிறது.

இந்த உறவை 'எடுத்துவிட்டால்' என்ன ஆகும் என்று சோதனைக்கூடத்தில் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்யாண சீசனிலும் எங்களிடம் வரும். ஒரு வீட்டில் விசேஷம் முடிந்து மீந்த சோற்றை, வீணாக்க மனமில்லாமல் இரண்டு அண்டா அளவுக்குப் பசுவுக்குக் கொட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தபோது மாடு நிற்கத் தள்ளாடியது. கண் குழிவிழுந்திருந்தது, அசை நின்று போயிருந்தது. சாணம் தண்ணீராய்ப் போய்ப் புளித்த நாற்றம் அடித்தது. இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தினேன். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை ரூமன் புரண்டு கையைத் தள்ளும். இங்கே அசைவே இல்லை, உள்ளே தண்ணீர் மட்டும் தளும்பியது.

குழாய் விட்டுக் கொஞ்சம் ரூமன் திரவம் எடுத்து பி.எச். தாளில் தொட்டால் 5-க்கும் கீழே காட்டியது. 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நல்ல மாட்டின் திரவத்தில் புரோட்டோசோவாக்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒன்றுகூட அசையவில்லை.

நடந்தது இதுதான். சோறு என்பது சட்டென்று நொதிக்கும் மாவுச்சத்து. ரூமனில் எப்போதும் சிறு எண்ணிக்கையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா அந்த மாவுச்சத்தைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. புளிப்பு ஏற ஏற, வைக்கோலைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் செத்துவிடுகின்றன. அமிலம் ரத்தத்திலும் ஏறுகிறது. நேற்று வரை ஒரு தொந்தரவும் தராமல் உள்ளே இருந்த அதே பாக்டீரியா இன்று மாட்டைக் கொல்லப் பார்க்கிறது. பாக்டீரியா மாறவில்லை, தீவனம் மாறியது. உறவின் பெயர் உயிரினத்தின் மேல் பச்சை குத்தியது அல்ல, சூழ்நிலை மாறினால் அதுவும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பசுவுக்கு ரத்தக்குழாய் வழியே சோடியம் பைகார்பனேட்டும் சலைனும் ஏற்றினோம். வயிற்றில் இருந்ததை முடிந்தவரை வெளியேற்றினோம். புளிப்பு அடங்கிய பிறகும் மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகியது. செரிக்க ஆள் இல்லையே. அப்புறம் அதே கொட்டகையில் இருந்த நல்ல மாட்டிலிருந்து மூன்று நான்கு லிட்டர் ரூமன் திரவம் எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இதற்குக் குழாய் வழியே கொடுத்தோம். மறுநாள் இன்னொரு முறை. மூன்றாம் நாள் கொஞ்சம் வைக்கோலை இழுத்துத் தின்று அசைபோட்டது. மருந்து புளிப்பைத்தான் இறக்கியது. பசி திரும்பியது குடியிருப்பவர்கள் திரும்பிய பிறகுதான். மாட்டுக்குச் சோறு போட்டுப் பழகியவர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விருந்தில் மீந்தது எவ்வளவு இருந்தாலும் தொட்டியில் கொட்டாதீர்கள்.

இப்போது உண்ணி. நம் மாடுகளில் அதிகம் காணப்படும் ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் வகையில், ஆறு கால் குஞ்சு புல் நுனியில் ஏறிக் காத்திருந்து மாட்டைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு மூன்று வாரம் அதே மாட்டின் மேல்தான் வாசம். எட்டுக் கால் முளைப்பதும் வளர்வதும் இணைவதும் அங்கேயே. வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி, பார்ப்பதற்கு அச்சு அசலாக ஆமணக்கு முத்துதான். ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ் என்பதற்கு லத்தீனில் உண்ணி என்றே பொருள். அது கீழே விழுந்து, கொட்டகைச் சுவர் விரிசலிலோ கல்லிடுக்கிலோ இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் சாகும்.

அது கடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள்: காதுக்குள், வால் அடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில். தோல் மெல்லியதாக இருக்கும் இடங்கள். கொக்கின் அலகு அங்கெல்லாம் போகவே போகாது.

நான் சொன்ன அந்தக் கன்று, நாற்பது கிலோ இருக்கும் கலப்பினக் கன்று. "கொக்கு வந்து பொறுக்கிட்டுப் போயிடும்னு விட்டுட்டேன் டாக்டர்" என்றார் கொண்டுவந்தவர். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ஒரு பெண் உண்ணி சுமார் அரை மில்லி ரத்தம் குடிக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு முப்பது உண்ணி குடித்துவிட்டு விழுந்தால் 15 மில்லி, மாதத்துக்கு 450 மில்லி. அந்தக் கன்றின் உடம்பில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம்தான் ரத்தம். இது போதாதென்று உண்ணியின் எச்சில் வழியே பபேசியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் போகலாம். அது சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். காய்ச்சலோடு அப்படி ஒரு சிறுநீரைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நல்லவேளையாக இந்தக் கன்றின் ரத்தப் பூச்சில் பபேசியா தெரியவில்லை.

உண்ணி மருந்து தடவி, இரும்புச்சத்து ஊசி போட்டோம். அதோடு விட்டிருந்தால் மறு மாதமே திரும்ப வந்திருப்பார்கள், ஏனென்றால் முட்டைகள் கொட்டகையில் இருக்கின்றன. அவர் சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தார், சுண்ணாம்பு அடித்தார், தரையிலும் சுவரிலும் மருந்து தெளித்தார். குஞ்சு பொரித்து மறுபடி ஏறுவதைக் கணக்கில் வைத்து, மூன்று வாரம் கழித்து மாடுகளுக்கு இரண்டாவது முறை மருந்து தடவினார். தடவுவதற்கு முன் மாடுகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டினார், தாகத்தில் உடம்பை நக்கி மருந்து உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். அதிலுள்ள கிருமிகள் மனிதருக்கும் தொற்றலாம்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கன்றின் இமையை விலக்கிப் பார்த்தேன், இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது. வயல்வெளியில் தாய்ப்பசு மேய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில், எப்போதும் போல, இரண்டு கொக்குகள் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தன.