தவிட்டுத் தொட்டியில் இல்லாத சுண்ணாம்பு

சோழவந்தான் பக்கம் மதினி வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. "சுவத்த நக்கியே பள்ளம் பறிச்சிருச்சு தம்பி. கயித்தையும் மெல்லுது" என்றார். ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாம் ஈத்து, நாளுக்கு 9 லிட்டர் பால். கன்று போட்டு நாலரை மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "தினம் கழனித்தண்ணியில கலக்கித்தான் வைக்கிறேன்" என்றார். தொட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். கரையாத கலவை வெள்ளைச் சேறு மாதிரிப் படிந்து விரலில் வந்தது.

கால்நடை மருத்துவனாக இந்த வட்டாரத்தில் அதிகம் பார்ப்பது இப்படிப்பட்ட தொட்டிகளைத்தான். வைகை, பெரியாறு பாசனத்தில் நெல் விளைகிற ஊர்களில் மாட்டுக்கு வைக்கோலும் தவிடும்தான் அடிப்படைத் தீவனம். அந்த இரண்டிலும் எது இருக்கிறது, எது இல்லை என்று கணக்குப் போட்டால் சுவர் ஏன் பள்ளமானது என்பது பாதி புரிந்துவிடும்.

முதலில் செலவு. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வெளியே போகிறது. 9 லிட்டருக்கு 11 கிராம். தீவனத்தில் உள்ள சுண்ணாம்பில் பாதிக்கும் குறைவாகவே குடல் உறிஞ்சும். அதனால் பாலுக்கு மட்டும் 25 கிராம் அளவுக்குத் தின்ன வேண்டும். 350 கிலோ மாட்டின் உடம்பு நடமாட 14 கிராம். ஆக, நாளுக்கு 40 கிராம்.

இனி வரவு. மதினி போடுவது 6 கிலோ வைக்கோல், 2 கிலோ அரிசித் தவிடு, 1 கிலோ கடலைப் புண்ணாக்கு, 5 கிலோ கோ-4 புல். வைக்கோலில் 12 கிராம், புல்லில் 4, புண்ணாக்கில் 2, தவிட்டில் ஒன்றரை. கூட்டினால் 20 கிராமைத் தொடவில்லை. வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் இந்தச் சுண்ணாம்பிலும் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டுச் சாணியோடு அனுப்பிவிடும். தேவையில் பாதிதான் உள்ளே போகிறது.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கதை நேர்மாறு. தவிட்டில் அது கொட்டிக்கிடக்கிறது. 2 கிலோ தவிட்டில் மட்டும் 28 கிராம் பாஸ்பரஸ் உண்டு, மாட்டின் மொத்தத் தேவையே அவ்வளவுதான். அது பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற பூட்டிய வடிவில் இருந்தாலும் மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. தீவனத்தில் சுண்ணாம்பு ஒன்றரை, இரண்டு பங்கு இருந்தால் மணிச்சத்து ஒரு பங்கு இருப்பது நல்லது. இந்தத் தொட்டியில் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணிச்சத்து இரண்டு பங்கு. மாடு கயிறு தின்றால் மணிச்சத்துக் குறை என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். தவிடே காணாமல் காய்ந்த புல்லில் மட்டும் மேயும் மாட்டுக்கு அது சரி. இந்த மாட்டுக்குப் பொருந்தாது.

அப்படியானால் சுவரை ஏன் நக்கியது? நான் முதலில் சந்தேகப்பட்டது சாதாரணச் சமையல் உப்பின் குறையை. வைக்கோலிலும் தவிட்டிலும் சோடியம் மிகக் குறைவு. கடையில் வாங்கும் தாதுக் கலவை இரண்டு வகை, ஒன்றில் உப்பு சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. மதினி வாங்கியது உப்பில்லாதது. பெயரில் "தாது உப்பு" என்று இருப்பதால் உப்பும் உள்ளே இருக்கிறது என்று நம்பி, முன்பு தவிட்டில் போட்டுவந்த கல்லுப்பை நிறுத்தியிருந்தார். பொட்டலத்தைத் திருப்பி இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

சுண்ணாம்பு பாதியாகக் குறைந்தும் மாடு எப்படி மாதக்கணக்கில் 9 லிட்டர் கறந்தது? எலும்பிலிருந்துதான். உடம்பின் சுண்ணாம்பில் நூற்றுக்கு 98 பங்கு எலும்பில் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது சில கிராம்தான். அது குறையும்போதெல்லாம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். அதனால்தான் இரத்தத்தைச் சோதித்தால் கால்சியம் சரியாக இருப்பதாகவே வரும். வெளியே தெரியும்போது கறவை படிப்படியாக இறங்கியிருக்கும், மாடு எழும்போது தடுமாறும்.

பருவத்துக்கு வராததில் வேறு கனிமங்களுக்கும் பங்கு இருக்கலாம். தமிழ்நாட்டு நெல்வயல்களில் துத்தநாகக் குறை பரவலானது. நாற்று வெளுத்தால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோம். அதே வயல் வைக்கோலைத் தின்னும் மாட்டுக்கு அந்தத் துத்தநாகம் எங்கிருந்து வரும்? குறைந்தால் கால், கழுத்துத் தோல் தடித்துச் செதிலாகும், புண் ஆற நாளாகும். செம்பு குறைந்தால் கறுப்பு முடி துருப்பிடித்த மாதிரி பழுப்பாகும், கண்ணைச் சுற்றி வெளுக்கும். மதினி மாட்டின் முதுகில் அந்தப் பழுப்பு இருந்தது. ஆனால் பருவத்துக்கு வராமைக்குக் கருப்பைக் கோளாறும் உடம்பு மெலிவும் காரணமாகலாம். மாடு ஓசையில்லாமல் பருவத்துக்கு வந்து நாம் கவனிக்காமலும் போகலாம். ஆகவே கருப்பையைச் சோதித்துவிட்டுத்தான் தீவனத்தில் கைவைத்தேன். கருப்பை நன்றாகவே இருந்தது.

செய்த மாற்றம் சிறியது. கலவை நாளுக்கு 100 கிராம், காலை பாதி, மாலை பாதி. இந்தியத் தரத்தின்படி அதில் 20 சதவீதம் கால்சியம், ஆக, பற்றாக்குறையாக இருந்த 20 கிராம் அதிலேயே வந்துவிடும். தண்ணீரில் கலந்தால் அடியில் தங்கிவிடும் என்பதால், தவிட்டைப் பிசிறிக் கையில் பிடிக்கும் பதத்தில் அதோடு பிசைந்து வைக்கச் சொன்னேன். மளிகைக் கடைத் தராசில் 50 கிராம் நிறுத்து ஒரு டம்ளரில் கொட்டிக் கோடு போட்டுக்கொண்டார். கல்லுப்பு 30 கிராம் தனியாக. தவிட்டில் முக்கால் கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் மக்காச்சோளக் குருணை. வரப்பு அகத்தியிலிருந்து தினம் 2 கிலோ தழை, அதில் சுண்ணாம்பு நிறைய உண்டு. கன்றுக்கு 20 கிராம் கலவை போதும், கிடேரிக்கும் பால் வற்றிய மாட்டுக்கும் 50. பதினைந்து லிட்டருக்கு மேல் கறந்தால் 150 வரை போகலாம். அதே கொட்டகையில் செம்மறி இருந்தால் இந்தத் தவிட்டில் வாய்வைக்க விடக்கூடாது. மாட்டுக்கு அளவான செம்பு செம்மறிக்கு நஞ்சாகும்.

பத்து நாளில் சுவரை விட்டது. கலவை அவ்வளவு விரைவில் பேசாது, அது உப்பின் வேலை. முடி கறுக்கவும் பருவம் வரவும் இரண்டு மாதமானது. இரண்டாவது ஊசியில் சினை நின்றது. அதைக் கலவையின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன், குருணை போட்டதில் உடம்பும் தேறியிருந்தது.

இப்போது அது நிறைசினை, ஈன இன்னும் மூன்று வாரம். "இன்னும் கூட்டிப் போடவா தம்பி?" என்று மதினி கேட்டார். குறைக்கச் சொன்னேன்: கலவை 30 கிராம், அகத்தி வேண்டாம். இந்த நேரத்தில் தீவனத்திலேயே சுண்ணாம்பு வழிந்தால் பாராதைராய்டு சுரப்பி ஓய்ந்துவிடும். ஈன்றதும் சீம்பாலில் சுண்ணாம்பு திடீரென்று இறங்கும்போது அது விழித்து எலும்பைத் திறக்க இரண்டு மூன்று நாளாகும். அந்த இடைவெளியில் வருவதுதான் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். மூன்று ஈத்து தாண்டிய கறவையில் அதிகம் வரும். கன்று போட்ட நாளிலிருந்து கலவையைத் திரும்ப 100 கிராமுக்கு ஏற்றலாம். முதல் மூன்று நாள் இரவில் ஒருமுறை எழுந்து போய்க் காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காது சில்லென்று இருந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றுவார்.