கிழிகிற பட்டுக்கு ஈரம் மருந்தல்ல

பழைய துணிகளைப் பாதுகாத்துச் சீர்செய்யும் என் மேசைக்கு, கண்டிஷனர் தெளித்த இன்னொரு பட்டு உடை வந்திருக்கிறது. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து, உடை முழுவதும் தெளித்து, நீராவி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியிருக்கிறார்கள். "பட்டும் முடியும் ஒரே புரதம்தானே, வறண்டு போயிருந்தது, ஈரப்பதம் கொடுத்தால் மென்மையாகிவிடும் என்று படித்தேன்" என்றார் உரிமையாளர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இப்படி எழுதி வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

வந்தது தந்தநிறச் சாட்டின் பட்டில் தைத்த, மேற்சட்டையும் பாவாடையுமான மணநாள் உடை. வெட்டையும் தையலையும் பார்த்தால் 1905 வாக்கில் தைத்தது என்று சொல்லலாம். மேற்சட்டைக்குள் இருக்கும் பருத்தி உள்துணி இன்றும் இழுத்தால் தாங்குகிறது. மேலே இருக்கும் பட்டு தாங்கவில்லை. பாவாடையின் இடுப்புச் சுருக்கங்களுக்குக் கீழே, பிளேடால் கோடு போட்டதுபோல் ஒன்றுக்கொன்று இணையாக நீண்ட பிளவுகள். மடிப்பு இருந்த இடங்களில் நேர்கோட்டில் பிளந்திருக்கிறது. உடை வந்த பெட்டியின் அடியில் பட்டுத் துகள். தெளித்த ஈரம் பரவி நின்ற விளிம்புகளில் பழுப்பு நிற நீர்க்கோடுகள். இஸ்திரிப் பெட்டி நகர்ந்த திசையில் புதுப் பிளவுகள். அவற்றின் விளிம்பு மட்டும் இன்னும் அழுக்குப் படியாமல் வெளுப்பாக இருக்கிறது. எது பழைய சேதம், எது போன வாரத்துச் சேதம் என்பதை அந்த விளிம்புகளே சொல்லிவிடுகின்றன.

பட்டு வறண்டுபோனதால் உடைவதில்லை. சாதாரண அறை ஈரப்பதத்தில், நல்ல பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் நீரைக் காற்றிலிருந்து தானாகவே எடுத்து வைத்துக்கொள்கிறது. நாம் ஊட்டிவிட வேண்டிய தேவையே இல்லை. மிக வறண்ட அறையில் எந்தப் பட்டும் சற்று விறைக்கும், ஈரப்பதம் திரும்பியதும் இளகும். இந்தப் பாதி உண்மையிலிருந்துதான் முழுப் பொய் கிளம்பியிருக்கிறது. நூறு வயதுப் பட்டு பிளப்பதற்குக் காரணம் வேறு. இழைக்கு வலுத் தருவது ஃபைப்ராயின் என்ற புரதத்தின் நீண்ட சங்கிலிகள். வெளிச்சமும் அமிலமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டன. நாள்பட்ட ரப்பர் பேண்ட் பொடியாக உதிரும்போது அதில் எண்ணெய் தடவினால் மறுபடி நீளுமா? அறுந்த சங்கிலியை ஒட்டவைக்கும் தைலமோ தெளிப்போ சோப்போ இதுவரை கிடையாது. ஈரத்தில் பட்டின் வலு இன்னும் குறையும் என்பதால், நனைக்கிற நேரமே அதற்கு மிக ஆபத்தான நேரம். போதாததற்குக் கண்டிஷனரின் மிச்சமும் இழையில் தங்கிவிடுகிறது. தெளித்த மறுநாள் தொட்டால் மென்மையாகத்தான் இருக்கும். அது இழையின் மேல் படிந்த பூச்சின் வழவழப்பு. இழை தேறிவிட்டதற்கான அடையாளம் அல்ல.

அடுத்து எப்போதும் வரும் கேள்வி, "இதைவிடப் பழைய உடைகளை அருங்காட்சியகங்களில் பார்க்கிறோமே, அவை மட்டும் எப்படி நன்றாக இருக்கின்றன?" நியாயமான கேள்வி. 1760-களின் பட்டு கவுன் இன்னும் துவண்டு விழும். 1905-இன் பட்டு கையில் உதிரும். வயதை வைத்து இதை விளக்க முடியாது. எடையை வைத்து விளக்கலாம்.

கூட்டிலிருந்து எடுத்த பட்டு இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கும். சோப்புநீரில் வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். நீக்கும்போது எடையில் நான்கில் ஒரு பங்கு வரை போய்விடும். நூறு கிலோ கச்சாப் பட்டு வாங்கியவர் கையில் எண்பது கிலோவுக்கும் குறைவாகவே மிஞ்சலாம். பட்டு எடைக்கு விற்ற பொருள். ஆகவே போன எடையைச் சாயப்பட்டறையில் திரும்ப ஏற்றினார்கள். முதலில் டானின் என்ற தாவரத் துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும், பெரும்பாலும் கறுப்புப் பட்டில். 1890-களிலிருந்து வெள்ளீயம். ஸ்டானிக் குளோரைடு என்ற வெள்ளீய உப்பின் கரைசலில் பட்டை முக்கி, அலசி, சோடியம் பாஸ்பேட்டில் முக்குவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் சோடியம் சிலிகேட்டில் முடிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எடை கூடும். போன எடையை ஈடுகட்டுவதோடு நின்றிருந்தால் சேதம் குறைந்திருக்கும். நிற்கவில்லை. சில கறுப்புப் பட்டுகளில் பட்டைவிட ஏற்றிய சரக்கே அதிகம்.

மோசடி என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. எடை ஏறிய பட்டு கனமாக, அழகாக விழும். உடுத்துபவர்களும் அதையே விரும்பினார்கள். "கையில் எடுத்தாலே கனம் தெரிகிறதே, இது உயர்ந்த பட்டு" என்று இன்றும் என்னிடம் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கனத்தில் ஒரு பகுதி உலோகம் என்று சொல்லும்போது முகம் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1932-இல்தான், எடையேற்றாத பட்டு என்று விற்பதற்கு வரம்பு வந்தது: ஏற்றிய பொருள் வண்ணப் பட்டில் 10 சதவீதத்தையும், கறுப்பில் 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. சுமாராக 1870 முதல் 1930-கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தைத்த உடை, குடை, மெத்தை விரிப்பு, கோட்டின் உள்துணி எதுவானாலும், எடையேற்றியது என்று முதலில் சந்தேகப்பட்டுவிட்டுப் பிறகு தொடுவது என் பழக்கம்.

ஏறிய உலோகம் இழைக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை செய்கிறது. வெளிச்சம் படும்போது பட்டின் சிதைவைத் துரிதப்படுத்துகிறது. வியர்வை உப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். அக்குள் பகுதி முதலில் போவது அதனால்தான். இருட்டில் வைத்தாலும் சிதைவு நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. இந்த உடையில் தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்தைத் திறந்து பார்த்தேன். வெளிச்சம் மட்டும் கெடுத்த பட்டாக இருந்தால் அந்த ஓரம் பெரும்பாலும் வலுவாக இருக்கும். இங்கே அதுவும் பிளந்திருந்தது.

உறுதிசெய்ய, தையலோரத்தில் ஏற்கெனவே அறுந்து தொங்கிய ஒரே ஒரு நூலை எடுத்து, உடையிருக்கும் அறைக்கு வெளியே கொண்டுபோய் எரித்தேன். சுத்தமான பட்டு முடி கருகும் வாசனையோடு மெதுவாக எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கருமணியை விட்டுப்போகும். இந்த நூல் கனன்று அணைந்த பிறகும், நெய்த வளைவோடு நூல் வடிவிலேயே சாம்பலாக நின்றது. அந்தச் சாம்பல் எலும்புக்கூடுதான் ஏற்றிய உலோகத்தின் மிச்சம். (வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்பேன். சோதனைக்கென்று உடையிலிருந்து துண்டு வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கும் ஆய்வகத்தில் ஒரு நூலையும் இழக்காமல் வெள்ளீயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.)

இனி இதைத் தைத்துச் சரிசெய்ய முடியுமா? பிளவின் இரு விளிம்பையும் இழுத்துத் தைத்தால் ஊசித்துளை ஒவ்வொன்றும் அடுத்த பிளவின் தொடக்கம். இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸை ஒட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. அதைப் பிறகு எடுக்க முயன்றால் பட்டும் சேர்ந்து வரும். நாங்கள் செய்வது, அடியில் முழு அகலத்துக்குத் தாங்குதுணி வைத்து, மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை போர்த்தி, வலுவுள்ள இடங்களில் மட்டும் பிடித்துத் தைப்பது. உடை இருக்கும் நிலையிலேயே நிற்கும். உடுத்தும் நிலைக்குத் திரும்பாது. கல்யாணத்துக்கு மகள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்காதீர்கள். கையைத் தூக்கினால் முதுகு பிளக்கும்.

வைத்திருக்கும் முறையில்தான் உங்களால் ஏதாவது செய்ய முடியும். முதலில் ஹாங்கரிலிருந்து இறக்குங்கள். இந்தப் பாவாடையின் பிளவுகள் இடுப்புக்குக் கீழே இருந்ததற்கு, அதன் எடை முழுவதும் பல ஆண்டுகள் அங்கே தொங்கியதே காரணம். பஞ்சு சுற்றிய ஹாங்கரும் எடையேற்றிய பட்டுக்குத் தூக்குமேடைதான். எடுக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு துணியை விரித்து, துணியோடு சேர்த்து இருவர் தூக்குங்கள்.

பெட்டி, உடையை முடிந்தவரை மடிக்காமல் கிடத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். அமிலமற்ற அட்டைப் பெட்டி நல்லது. உள்ளே போடும் டிஷ்யூ காகிதமும் அமிலமற்றதாக இருக்க வேண்டும், ஆனால் காரம் சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். காரம் சேர்த்தது பருத்திக்குப் பொருந்தும், பட்டுப் புரதத்துக்கு அல்ல. அது கிடைக்காவிட்டால், கஞ்சியும் மென்மையூட்டியும் இல்லாமல் பலமுறை அலசிய வெள்ளைப் பருத்தித் துணி போதும். மடித்தே ஆக வேண்டிய இடத்தில் காகிதத்தைச் சுருட்டித் தடித்த உருளையாக்கி மடிப்புக்குள் வையுங்கள், மடிப்பு கூர்மையாகாமல் வளைவாக நிற்கும். கைகளுக்குள்ளும் அப்படியே. சால்வைபோல் தட்டையான துணியாக இருந்தால், காகிதம் சுற்றிய அகலமான குழாயில் இடையிடையே காகிதம் வைத்துச் சுருட்டலாம்.

சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள் என்ற அறிவுரை நல்ல பட்டுக்குச் சரி. உடையத் தொடங்கிய எடையேற்றிய பட்டை ஒவ்வொரு முறை மாற்றி மடிக்கும்போதும் புதிய இடத்தில் உடைப்பீர்கள். ஒருமுறை ஒழுங்காகக் கிடத்துங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பூச்சி வந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

பரணும் நிலவறையும் வேண்டாம். வீட்டுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் ஏறி இறங்காத, இருட்டான அலமாரி போதும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. அதற்கு மேல் போனால் பூஞ்சை வரலாம், அமிலச் சிதைவும் வேகமாகும். குளிர்ச்சி நல்லது. சலவைக்கடை பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள். குண்டூசி, உலோகக் கொக்கி எதுவும் பட்டின் மேல் அழுந்தக் கூடாது. அந்துருண்டையை உடையின் மேல் போடாதீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கவிட நினைப்பவர்களுக்கு: அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் என்ற மங்கல் ஒளியில், அதையும் சில மாதங்கள் மட்டுமே காட்டுகின்றன. நல்ல படம் எடுத்து அதை மாட்டுங்கள்.

உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கிக் கொட்டிவிடாதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதி, காகித உறையில் போட்டு, உடையோடு கொண்டுவாருங்கள். எதையாவது தெளித்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவேன்தான், ஆனால் என்ன தெளித்தீர்கள் என்று தெரிந்தால்தான் வேலையைத் தொடங்க முடியும்.