மசக்கை எல்லை மீறும்போது முதலில் எந்த ட்ரிப்ஸ் பாட்டில்?

காசிமேட்டுப் பக்கம் ஒரு பெண். கர்ப்பம் ஒன்பது வாரம். காலையில் மீன் வண்டி தெருவுக்குள் வந்தாலே ஓங்கரித்துக்கொண்டு ஓடுகிறாள். "மசக்கைதானே, நாலு மாசம் ஆனா சரியாயிடும்" என்கிறார் மாமியார். பெரும்பாலான பெண்களுக்கு அந்தப் பேச்சு உண்மைதான். கர்ப்பிணிகளில் பத்தில் ஏழு பேருக்காவது குமட்டல் வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பது பத்து வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும்.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு இரண்டரை வாரமாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கர்ப்பத்துக்கு முன் 52 கிலோ இருந்தவள் இப்போது 48.5 கிலோ. பழைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 2.6 கிலோ குறைந்தாலே மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். இவளுக்கு 3.5 கிலோ போயிருக்கிறது. வாயில் வைத்த தண்ணீரும் திரும்பிவிடுகிறது, காலையிலிருந்து ஒரு தடவைதான் சிறுநீர் கழித்தாள், அதுவும் கடும் மஞ்சள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. சாதாரண மசக்கையில் எவ்வளவு வாந்தி எடுத்தாலும் நடுவில் கொஞ்சம் கஞ்சியோ மோரோ உள்ளே தங்கும், எடையும் பெரிதாக இறங்காது. இவளுக்கு வந்திருப்பது மிகைவாந்தி நோய். கர்ப்பிணிகளில் நூற்றில் ஓரிருவருக்கு வரும்.

இதை மனப்பிரமை என்று சொல்லி எத்தனையோ பெண்களை நோகடித்திருக்கிறோம். வளரும் நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, மூளைத்தண்டில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்ணின் உடல் அதற்குப் பழகியிருக்காது. அதனால் திடீரென்று கூடும்போது கடுமையாகப் பாதிக்கப்படுகிறாள். 2023-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

சரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி ஒரு பிரசவ மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப்போனால், கூட வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, பொண்ணு துவண்டு போயிட்டா." நம் ஊரில் எந்த ட்ரிப்ஸுக்கும் பேர் குளுக்கோஸ்தான். இவள் விஷயத்தில் அந்தப் பேச்சுவழக்கை அப்படியே செய்துவிட்டால் ஆபத்து.

உடல் சர்க்கரையை எரிக்க தயாமின், அதாவது பி1 வைட்டமின் தேவை. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். இவள் கிட்டத்தட்ட அந்த இருப்பைத் தீர்த்துவிட்டாள். இந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச தயாமினும் அதை எரிக்கச் செலவாகி, மூளையின் சில பகுதிகள் பட்டினியில் சேதமாகலாம். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், கண் நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். இதை வெர்னிக்கே பாதிப்பு என்பார்கள். தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

அதனால் முதலில் போகவேண்டியது சலைன், அதாவது உப்பு நீர். அதோடு தயாமின் ஊசியும் போட வேண்டும். பெரும்பாலும் 100 மில்லிகிராம் கொடுப்பார்கள். குளுக்கோஸ் தேவைப்பட்டாலும் அதற்குப் பிறகுதான். அப்புறம் பொட்டாசியம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கிவிடும், அது தசையையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். ரத்தப் பரிசோதனையில் அளவைப் பார்த்து, சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். "ஏன் சொட்டுச் சொட்டா விடறீங்க, வேகமா விடுங்க" என்று உறவுக்காரர்கள் கேட்பது உண்டு. பொட்டாசியம் வேகமாக உள்ளே போனால் இதயமே நின்றுவிடலாம். குறைந்துபோன சோடியமும் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

இதற்கிடையே ஸ்கேன் எடுப்பார்கள். இரட்டைக் குழந்தையோ, நஞ்சுக்கொடி திராட்சைக் கொத்து மாதிரி வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமோ இருந்தால் வாந்தி இப்படி முற்றுவது உண்டு. சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா, காய்ச்சலோ வயிற்று வலியோ இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அவை மசக்கையின் பகுதி அல்ல.

எல்லா வாந்திக்கும் ட்ரிப்ஸ் வேண்டியதில்லை. டாக்ஸிலமின், பைரிடாக்ஸின் சேர்ந்த மாத்திரையும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும் பலருக்குப் போதும். மாத்திரையும் தங்கவில்லை, 24 மணி நேரமாகத் தண்ணீரும் நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை, எடை இறங்குகிறது, நிற்கவே முடியவில்லை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வார்டில் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம் இது: "இரண்டரை வாரமா எதுவும் தங்கல, தயாமின் போட்டீங்களா?"